நாலாவது மாடியில் சாயங்காலம் ஷவரே வருவதில்லை: பகலில் நன்றாக வரும் குழாய் அப்போது மட்டும் ஏன் இளைத்துப் போகிறது?

மடிப்பாக்கம்_மாடிவீடு
எங்கள் அபார்ட்மெண்ட் சென்னை மடிப்பாக்கத்தில். கீழே கார் நிறுத்தும் இடம், அதன்மேல் நான்கு தளம், தளத்துக்கு நான்கு வீடு, ஆக மொத்தம் 16 வீடுகள். எங்கள் வீடு கடைசித் தளத்தில். மத்தியானம் தண்ணீர் நன்றாகவே வருகிறது. சாயங்காலம் ஆறரை மணியிலிருந்து எட்டரை வரை ஷவரில் ஒரு சொட்டு வராது. அதே பாத்ரூமில் கீழே இருக்கும் பக்கெட் குழாயில் நூல் மாதிரி வரும். வாஷிங் மெஷின் தண்ணீர் இல்லை என்று பாதியிலேயே நின்றுவிடுகிறது. ஒன்பது மணிக்கு மேல் எல்லாம் பழையபடி சரியாகிவிடும். குழாய் வாயில் இருக்கும் ஏரேட்டர் சல்லடையைக் கழற்றிக் கழுவிவிட்டேன், ஒரு மாற்றமும் இல்லை. இரண்டு பிளம்பர்கள் வந்து பார்த்தார்கள். ஒருவர் வீட்டுக்குள் பிரஷர் பம்ப் வைக்கச் சொன்னார். இன்னொருவர் பைப்பைச் சின்னதாக மாற்றினால் பிரஷர் ஏறும் என்றார். எது சரி?

தாம்பரம்_தனிவீடு
எங்கள் தெருவிலும் இதே கதைதான் மேடம். சாயங்காலம் தெருவே தண்ணீர் பிடிக்கும், தெரு லைனில் வேகம் குறைந்துவிடும். மெட்ரோ வாட்டர் ஏரியா அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். எங்கள் பக்கத்து வீட்டில் லைனிலேயே நேரடியாக மோட்டார் போட்டு இழுக்கிறார்கள், அதனால் எங்களுக்கு இன்னும் மோசம்.

பழைய_சைட்_இன்ஜினியர்
தாம்பரம் நண்பரே, உங்களுடையது வேறு பிரச்சினை. உங்கள் வீட்டுக் குழாய் தெரு லைனோடு நேராக இணைந்திருக்கிறது. மேடம் இருப்பது அபார்ட்மெண்ட். அங்கே தெருத் தண்ணீர் சம்ப்பில் விழுந்ததோடு அதன் வேகத்துக்கு வேலை முடிந்தது. அப்புறம் மோட்டார் ஏற்றுகிறது, மொட்டைமாடித் தொட்டியிலிருந்து தானாக இறங்குகிறது. தெரு லைன் எவ்வளவு வேகமாக வந்தாலும் நாலாவது மாடி ஷவருக்கு அதனால் ஒன்றுமில்லை. (தெரு லைனில் நேராக மோட்டார் போடுவது சட்டப்படி தவறு. பிடித்தால் இணைப்பைத் துண்டிப்பார்கள்.)

மேடம், நீங்கள் எழுதியதில் ஒரு விஷயம் மிக முக்கியம். மத்தியானம் நன்றாக வருகிறது, சாயங்காலம் மட்டும் போகிறது, ஒன்பது மணிக்குத் திரும்பி வருகிறது. வீட்டுக்குள் இருக்கும் அடைப்பு நேரம் பார்த்து வேலை செய்யாது. ஏரேட்டரில் மண், ஆங்கிள் காக்கில் உப்பு, ஷவர் தலையில் சுண்ணாம்பு என்று எதுவாக இருந்தாலும் மத்தியானமும் தெரிந்திருக்கும். ஆகவே உங்கள் வீட்டுக்கு வெளியே, எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் குழாயில்தான் சங்கதி.

மூன்று விவரம் வேண்டும். தொட்டியின் அடிப்பக்கம் மொட்டைமாடித் தளத்திலிருந்து எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது? நிரம்பினால் எத்தனை அடி தண்ணீர், சாயங்காலம் ஏழு மணிக்கு எத்தனை அடி? தொட்டியிலிருந்து கிளம்பும் குழாய் எத்தனை அங்குலம்? அதோடு, பத்து லிட்டர் பக்கெட் ஒன்றை அதே பாத்ரூம் குழாயில் மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை பிடித்து நேரம் பாருங்கள்.

கோவைத்தென்றல்
இவ்வளவு அளவெல்லாம் எதற்குங்க? தொட்டியில் தண்ணி இறங்கிப்போனால் பிரஷர் இறங்கும், அவ்வளவுதான். சாயங்காலம் எல்லாரும் புழங்குவதால் தொட்டி காலியாகிறது. ஒன்று பெரிய தொட்டியாக மாற்றுங்கள், இல்லையென்றால் தொட்டியை மூணு அடி தூக்கி வையுங்கள். எங்கள் சாய்பாபா காலனி வீட்டில் அப்படித்தான் சரி செய்தோம்.

மடிப்பாக்கம்_மாடிவீடு
அளந்துவிட்டேன் சார். வாட்ச்மேன் அண்ணன் கூட வந்து உதவினார். தொட்டி இரண்டு அடி உயரத் தூண்கள்மேல் நிற்கிறது. நிரம்பினால் நான்கு அடி தண்ணீர். சாயங்காலம் ஏழு மணிக்குப் பார்த்தால் ஓர் அடிதான் இருந்தது. மத்தியானத்துக்கு அப்புறம் இரவு ஒன்பது மணிக்குத்தான் மோட்டார் போடுவார்களாம். தொட்டியிலிருந்து வருவது ஒன்றரை அங்குலக் குழாய், ஒரே குழாய். மாடியைச் சுற்றி ஓடி, நான்கு இடங்களில் கீழே இறங்குகிறது.

பக்கெட்: மத்தியானம் மூன்று மணிக்கு 60 விநாடி, அப்போது தொட்டி கிட்டத்தட்ட நிரம்பி இருந்தது. சாயங்காலம் ஏழேகாலுக்கு 130 விநாடி.

இன்னொன்றும் கவனித்தேன். மொட்டைமாடியில் செடிக்குத் தண்ணீர் ஊற்ற அதே குழாயில் ஒரு சின்னக் குழாய் இருக்கிறது. ஏழு மணிக்கு அதைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை, உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுக்கிறது. கையை வைத்தால் உறிஞ்சுவது தெரிகிறது. தொட்டியில் தண்ணீர் இருக்கும்போது இது எப்படி?

பழைய_சைட்_இன்ஜினியர்
அருமையாகப் பார்த்திருக்கிறீர்கள். பாதி விடை அந்தச் செடிக் குழாயிலேயே இருக்கிறது. முதலில் கோவை நண்பர் சொன்னதை எடுத்துக்கொள்வோம், அதில் பாதி உண்மை.

பாத்ரூமின் பக்கெட் குழாய் தரையிலிருந்து இரண்டு அடி உயரம் என்று வைத்துக்கொள்கிறேன். தளத்தின் உயரம் பத்து அடி. ஆக, குழாயிலிருந்து மாடித் தளத்துக்கு எட்டு அடி, அங்கிருந்து தொட்டி அடிக்கு இரண்டு, தொட்டி நிரம்பி இருந்தால் இன்னும் நான்கு. மொத்தம் 14 அடி. இந்த உயரம்தான் உங்கள் குழாயின் பிரஷர், வேறு எதுவும் இல்லை. ஏறக்குறைய 33 அடிக்குத்தான் ஒரு கிலோ பிரஷர். கடைசித் தளத்தில் உங்களுக்கு எப்போதுமே அரைக் கிலோவுக்கும் குறைவுதான். தொட்டி அகலமா, குறுகலா, பத்தாயிரம் லிட்டரா, ஆயிரம் லிட்டரா என்பது பிரஷரில் வராது. தண்ணீர் எத்தனை அடி மேலே நிற்கிறது என்பது மட்டுமே கணக்கு. பெரிய தொட்டியால் ஒரு லாபம் உண்டு, மட்டம் மெதுவாக இறங்கும்.

சரி, சாயங்காலம் தொட்டியில் ஓர் அடிதான் என்றால் 14 அடி 11 ஆகிறது. இதனால் பக்கெட் எவ்வளவு தாமதமாக நிரம்பும்? ஓட்டம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்துக் குறையும். 60 விநாடி 68 விநாடி ஆகும், அதற்கு மேல் ஆகாது. உங்களுக்கு 130 ஆகிறது. தொட்டி மட்டம் இறங்குவது மட்டும் காரணமாக இருந்தால் நீங்கள் இந்த இழையையே ஆரம்பித்திருக்க மாட்டீர்கள்.

கணக்கைத் திருப்பிப் போடுவோம். 14 அடியில் 60 விநாடி என்றால், 130 விநாடி ஆவதற்கு மிச்சம் இருக்கும் உயரம் சுமார் 3 அடி. இருக்க வேண்டியது 11 அடி. நடுவில் 8 அடி எங்கோ தொலைகிறது. அது தொலைவது தொட்டிக்கும் உங்கள் வீட்டுக் கிளைக்கும் நடுவே, பொதுக் குழாயில். தண்ணீர் ஓடும்போது உராய்வில் போகிறது. யாரும் திறக்காத மத்தியானத்தில் ஓட்டம் இல்லை, உராய்வும் இல்லை, உங்களுக்கு முழு உயரமும் கிடைக்கிறது. சாயங்காலம் 16 வீட்டில் பத்துக் குழாய் ஒன்றாகத் திறந்தால் நிமிடத்துக்கு நூறு லிட்டர் சாதாரணமாக ஓடும். ஓட்டம் இரண்டு மடங்கானால் உராய்வில் போகும் உயரம் ஏறக்குறைய மூன்றரை மடங்காகும். அதனால்தான் ஆறு மணிக்குச் சுமாராக இருப்பது ஏழு மணிக்குத் திடீரென்று நின்றுபோன மாதிரி தெரிகிறது.

ஷவர் விஷயமும் இதில் பொருந்துகிறது. மிச்சம் 3 அடி என்றால் தண்ணீரால் பக்கெட் குழாய்க்கு மேலே மூன்று அடிதான் ஏற முடியும், அதாவது தரையிலிருந்து ஐந்து அடி. உங்கள் ஷவர் ஏழு அடியில் இருக்கும். அங்கே ஏறவே ஏறாது.

மடிப்பாக்கம்_மாடிவீடு
இது கணக்காக மட்டும் இல்லாமல் கண்ணால் பார்க்க வழி உண்டா சார்? அசோசியேஷனில் கணக்கு சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

பழைய_சைட்_இன்ஜினியர்
உண்டு. கொத்தனார்கள் மட்டம் பார்க்கும், உள்ளே தெரியும் பிளாஸ்டிக் ட்யூப் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். பத்து அடி வாங்குங்கள். ஒரு முனையைப் பக்கெட் குழாயில் கசியாமல் மாட்டி, கிளிப் போட்டு இறுக்குங்கள். மறு முனையைச் சுவரோடு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு குழாயை மெதுவாகத் திறங்கள். வீட்டில் வேறு எந்தக் குழாயும் திறந்திருக்கக் கூடாது. ட்யூபில் தண்ணீர் எந்த உயரத்தில் நிற்கிறதோ அதுதான் அந்த நேரத்தில் பொதுக் குழாய் உங்களுக்குத் தரும் உயரம். மத்தியானம் செய்யாதீர்கள், கூரை வரை பீய்ச்சும். ஏழு மணிக்குச் செய்யுங்கள்.

செடிக் குழாய் காற்றை இழுப்பதும் இதே கதைதான். கீழ்த் தளங்களில் திறந்திருக்கும் குழாய்கள் முப்பது, நாற்பது அடி கீழே இருப்பதால் இறங்கு குழாயில் தண்ணீரை அவை இழுக்கின்றன. தொட்டியிலிருந்து வரும் வழி அந்த அளவுக்கு ஈடுகொடுக்கவில்லை. மாடியில் ஓடும் குழாய்க்குள் வெளிக்காற்றைவிடக் குறைந்த அழுத்தம் உண்டாகிறது. திறந்தால் காற்று உள்ளே போகும்.

முதல்தளம்_வாசி
நான் வேறு அபார்ட்மெண்டில் முதல் தளத்தில் இருக்கிறேன். எங்களுக்குத் தண்ணீர் பிய்த்துக்கொண்டு வரும், சிங்க்கில் திறந்தால் சட்டையெல்லாம் நனையும். மேலே இருப்பவர்கள் எப்போதும் புகார் சொல்வார்கள், நான் நம்பியதில்லை. இப்போது கேட்கிறேன், நாங்கள் திறப்பதால்தான் அவர்களுக்கு வரவில்லையா?

பழைய_சைட்_இன்ஜினியர்
ஆமாம், ஆனால் நீங்கள் வேண்டுமென்றே செய்வதில்லை. மேடத்தின் கட்டடத்தையே எடுத்துக்கொண்டால், முதல் தளத்தில் அதே குழாய்க்கு 44 அடி உயரம் கிடைக்கிறது. அதே அளவு குழாயை அதே அளவு திறந்தால் நாலாவது மாடியைப்போல் ஒன்றே முக்கால் மடங்கு தண்ணீர் கொட்டும். அதில் பாதி உங்கள் சட்டையை நனைக்கத்தான் போகிறது. இதற்குப் பின்னால் வருகிறேன், இதிலேதான் செலவில்லாத தீர்வு இருக்கிறது.

செங்கை_ஹார்டுவேர்
நான் குழாய்ச் சாமான் கடை வைத்திருக்கிறேன். எங்கள் பக்கத்துப் பிளம்பர்கள் மேல் மாடிக்கு முக்கால் அங்குலத்துக்குப் பதில் அரை அங்குலம் போடுவார்கள். பைப் சின்னதானால் வேகம் கூடும். தோட்டத்து ஹோஸை விரலால் அழுத்தினால் தூரம் பாய்கிறதல்லவா? அதே விஷயம்தான். மேடம் வீட்டுக்கு வந்த பிளம்பர் சொன்னது தப்பில்லை.

பழைய_சைட்_இன்ஜினியர்
அண்ணே, ஹோஸ் பாய்வது உண்மை. விரல் வைத்தால் ஓட்டம் குறைகிறது. ஓட்டம் குறைந்ததால் ஹோஸுக்குள் உராய்வில் போன அழுத்தம் மிச்சமாகி விரலண்டை வந்து சேர்கிறது. அதனால் தூரம் பாயும், ஆனால் பக்கெட் நிரம்ப முன்பைவிட நேரமாகும். அதுவும் கடைசி முனையில் குறுக்கினால்தான். நடுவழியில் முழு நீளத்துக்கும் குழாயைக் குறுக்கினால் இரண்டு பக்கமும் நஷ்டம். மேடத்துக்குத் தேவை நேர் எதிரானது. மாடியில் ஓடும் பொதுக் குழாய் பெரிதாக வேண்டும். ஒன்றரை அங்குலத்துக்குப் பதில் இரண்டு அங்குலம் போட்டால், அதே ஓட்டத்துக்கு உராய்வில் போகும் உயரம் ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகக் குறையும். அரை அங்குல வித்தியாசத்துக்கு இவ்வளவு பலன் என்று பலருக்கும் நம்பிக்கை வராது.

கோவைத்தென்றல்
அப்போ எங்கள் வீட்டில் தொட்டியைத் தூக்கியது எப்படி வேலை செய்ததுங்க?

பழைய_சைட்_இன்ஜினியர்
தனி வீடு, திறக்கும் குழாய் இரண்டோ மூன்றோ. உராய்வு குறைவு, உயரம் மட்டுமே குறை. அங்கே மூன்று அடி தூக்கினால் மூன்று அடியும் குழாய்க்கு வந்து சேரும். மேடத்தின் இடத்திலும் அந்த மூன்று அடி கூடும்தான். ஆனால் தொட்டி ஒன்பதாயிரம் லிட்டர் என்று வைத்துக்கொண்டால் தண்ணீர் மட்டுமே ஒன்பது டன். அதைத் தூக்கி வைக்கத் தூண்களும் தளமும் தாங்குமா என்று கட்டட அமைப்பு இன்ஜினியர் ஒருவர் பார்க்காமல் கை வைக்கக் கூடாது. எட்டு அடி தொலைவதை விட்டுவிட்டு மூன்று அடிக்கு இந்த வேலை தேவையில்லை.

மடிப்பாக்கம்_மாடிவீடு
ட்யூப் வைத்துப் பார்த்தோம். செயலாளர் மாமாவும் நேரில் வந்து நின்றார். ஏழு மணிக்குத் தண்ணீர் சரியாக என் தோள் உயரத்துக்கு வந்து நின்றது. டேப் வைத்தால் தரையிலிருந்து ஐந்து அடிக்கு ஓர் அங்குலம் குறைவு. பக்கத்து வீட்டில் யாரோ திறந்தார்கள் போல, எங்கள் கண் எதிரிலேயே இன்னும் அரை அடி இறங்கி மறுபடி ஏறியது. மாமா அதைப் பார்த்த பிறகு ஒன்றும் பேசவில்லை, அடுத்து என்ன செய்யலாம் என்று மட்டும் கேட்டார்.

பழைய_சைட்_இன்ஜினியர்
நல்லது. இப்போது எட்டு அடி எங்கே தொலைகிறது என்று பிரிக்க வேண்டும். நீளமான ஒன்றரை அங்குலக் குழாயில், நூறு லிட்டர் ஓட்டத்தில், வளைவுகளையும் சேர்த்து ஏழெட்டு அடி போவது நடக்கக்கூடியதுதான். ஆனாலும் குழாயை மாற்றும் முன் தொட்டி வாயில் இருக்கும் வால்வைப் பாருங்கள். பழைய பித்தளை கேட் வால்வாக இருந்தால் உள்ளே இருக்கும் தகடு தண்டிலிருந்து கழன்று பாதியில் தொங்கும். வெளியே சக்கரம் நன்றாகச் சுற்றும், திறந்துவிட்டோம் என்று நினைப்போம். பார்ப்பது எளிது. சக்கரத்தை முழுவதும் மூடிவிட்டுக் கீழே ஒரு குழாயைத் திறங்கள். தண்ணீர் நிற்காவிட்டால், அல்லது சக்கரம் இரண்டு பக்கமும் முட்டாமல் சுற்றிக்கொண்டே இருந்தால், தகடு போய்விட்டது.

மாற்றும்போது முழுத் துவாரம் உள்ள பால் வால்வு கேளுங்கள். சில மலிவான பால் வால்வுகளில் ஒன்றரை அங்குலம் என்று எழுதியிருக்கும், உள்ளே ஓட்டை ஓர் அங்குலம்தான் இருக்கும். கடையிலேயே திறந்து கண்ணால் பார்த்து வாங்குங்கள்.

செங்கை_ஹார்டுவேர்
இதை நான் ஒத்துக்கொள்கிறேன். அந்த மாதிரிச் சரக்கு நிறைய வருகிறது. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை, கேட்டு வாங்குவதில்தான் இருக்கிறது.

பல்லாவரம்_பம்ப்
இதெல்லாம் எதற்கு? எங்கள் வீட்டில் நுழைவுக் குழாயிலேயே ஒரு குட்டி பிரஷர் பம்ப் வைத்துவிட்டேன். குழாயைத் திறந்தால் தானாக ஓடும், மூடினால் நிற்கும். ஷவர் மழை மாதிரி. மேடமும் அதையே செய்யலாம், அசோசியேஷனைக் கெஞ்ச வேண்டாம்.

பழைய_சைட்_இன்ஜினியர்
உங்கள் தளத்தில் எதிர் வீட்டுக்காரர் என்ன சொல்கிறார்?

பல்லாவரம்_பம்ப்
அவர்களும் போன மாதம் ஒன்று வாங்கி வைத்தார்கள். அதற்கப்புறம் இரண்டு வீட்டிலும் சாயங்காலம் பம்ப் கரகரவென்று சத்தம் போடுகிறது. பம்ப் கம்பெனிக்காரர் வந்து காற்று பிடிக்கிறது என்றார்.

பழைய_சைட்_இன்ஜினியர்
அதேதான். பம்ப் தண்ணீரை உண்டாக்காது. பொதுக் குழாயில் ஏற்கெனவே காற்றை இழுக்கும் நிலை இருக்கும்போது அதே குழாயில் வாயை வைத்து இன்னும் இழுத்தால் எதிர் வீட்டின் பங்கைத்தான் இழுக்கிறீர்கள். அவரும் வைத்தால் இரண்டு பம்பும் காற்றை விழுங்கும். தண்ணீர் இல்லாமல் ஓடினால் பம்பின் சீல் சூடேறிப் போய்விடும். பம்ப் வேண்டும் என்றால் அது தொட்டியிலிருந்து தனிக் குழாயில் எடுக்க வேண்டும். கடைசித் தளத்து நான்கு வீட்டுக்கும் சேர்த்துத் தொட்டியில் தனியாக ஒரு வாய் வைத்து, தனி லைன் ஓட்டி, அதில் ஒரே பம்ப். தனி லைன் போட்டாலே பெரும்பாலான இடங்களில் பம்பின் தேவை போய்விடும், மழை ஷவர் வைத்திருப்பவர்களைத் தவிர.

பெங்களூர்_தமிழன்
கீழ்த் தளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2024 மார்ச்சில் இங்கே தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தபோது குடிநீர் வாரியம் ஓட்டல்களுக்கும் அபார்ட்மெண்ட்களுக்கும் குழாயில் ஏரேட்டர் கட்டாயம் என்று உத்தரவு போட்டது. எங்கள் வளாகத்தில் தண்ணீரை மிச்சப்படுத்தத்தான் எல்லா வீட்டிலும் போட்டோம். பத்தாவது மாடிக்காரர்கள் சாயங்காலம் இப்போது தண்ணீர் நன்றாக வருகிறது என்று சொன்னபோது யாருக்கும் காரணம் புரியவில்லை. இப்போது புரிகிறது.

பழைய_சைட்_இன்ஜினியர்
அதுதான் நான் சொல்ல வந்த செலவில்லாத தீர்வு. கீழ்த் தளங்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் நுழைவு வால்வு இருக்கும். முதல், இரண்டாம் தளங்களில் அதைக் கொஞ்சம் மூடி வைக்க வேண்டும். பக்கெட் 35 விநாடியில் நிரம்பும் வீட்டில் 55 விநாடி ஆகும்படி வைத்தால் போதும், அவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது. எல்லாம் சேர்ந்து சாயங்கால ஓட்டம் நூறு லிட்டரிலிருந்து எழுபதாகக் குறைந்தால், உராய்வில் போகும் உயரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். குழாயே மாற்றாமல். கேட் வால்வைப் பாதியில் வைத்தால் கொஞ்ச நாளில் தகடு ஆட ஆரம்பிக்கும், அதனால் அந்த இடத்தில் குளோப் வால்வு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஆங்கிள் காக்குகளைக் குறைத்து ஏரேட்டர் போடலாம்.

முதல்தளம்_வாசி
சொல்வது நியாயம்தான், ஆனால் என் வீட்டு வால்வை அசோசியேஷன் வந்து மூடினால் நான் சும்மா இருக்க மாட்டேன். நானும் அதே பராமரிப்புக் கட்டணம்தான் கட்டுகிறேன். குழாய் அளவு போதவில்லை என்றால் அதைக் கட்டியவர் தப்பு, அதை மாற்றட்டும். ஏரேட்டர் என்றால் நானே போட்டுக்கொள்கிறேன், சட்டை நனையாது.

மடிப்பாக்கம்_மாடிவீடு
சார், நீங்கள் சொன்னபடியே நடந்தது. தொட்டி வால்வில் சக்கரம் முட்டவே இல்லை. கழற்றிப் பார்த்தால் தகடு பாதியில் தொங்கிக்கொண்டிருந்தது, சுற்றிலும் வெள்ளையாக உப்பு. போர் தண்ணீர் அப்படி. முழுத் துவாரம் பார்த்து பால் வால்வு போட்டாயிற்று. அன்றைக்குச் சாயங்காலம் ட்யூபில் ஏழரை அடி. பக்கெட் 95 விநாடி. ஷவரில் சொட்டுச் சொட்டாக வந்தது.

அப்புறம் மோட்டார் நேரத்தை மாற்றச் சொன்னேன். ஒன்பது மணிக்குப் பதில் ஐந்தரைக்குப் போட்டுத் தொட்டியை ஆறரைக்குள் நிரப்பிவிடுகிறார் வாட்ச்மேன் அண்ணன். இப்போது பக்கெட் 77 விநாடி. ஷவரில் குளிக்கலாம், மெல்லியதாக இருந்தாலும் வருகிறது. வாஷிங் மெஷின் நிற்பதில்லை.

பழைய_சைட்_இன்ஜினியர்
கணக்கோடு ஒத்துப்போகிறது. வால்வில் மட்டும் இரண்டரை அடி போயிருக்கிறது. தொட்டி நிரம்பி இருப்பதால் மூன்று அடி திரும்பக் கிடைத்தது. இன்னும் ஐந்து அடிக்கு மேல் மாடிக் குழாயில் போகிறது. அதற்குக் குழாயை மாற்றுவது அல்லது கீழே ஓட்டத்தைக் குறைப்பது, இரண்டில் ஒன்று. முழு நீளமும் மாற்ற வேண்டியதில்லை. தொட்டியிலிருந்து முதல் பிரிவு வரை 16 வீட்டுத் தண்ணீரும் போகிறது, அந்தத் துண்டில்தான் அதிகம் தொலையும். அதை மட்டும் இரண்டு அங்குலமாக மாற்றிவிட்டு ட்யூபில் பாருங்கள். கடைசி இறங்கு குழாய்க்கு நான்கு வீட்டுத் தண்ணீர்தான், அங்கே ஒன்றரையே போதும். கூர்மையான எல்போக்களுக்குப் பதில் நீள வளைவு போடச் சொல்லுங்கள்.

சம்ப்பில் ஐந்தரை மணிக்குத் தண்ணீர் இருக்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். லாரி ஏழு மணிக்கு வரும் நாளில் இந்த நேர மாற்றம் பலிக்காது.

பல்லாவரம்_பம்ப்
வென்ட் பைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? எங்கள் பிளம்பர் மாடியில் ஒவ்வொரு இறங்கு குழாயின் தலையிலும் மேலே திறந்த குழாய் ஒன்று நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் காற்று அடைக்கும் என்கிறார்.

பழைய_சைட்_இன்ஜினியர்
வைப்பதுதான் முறை. தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே அதன் வாய் இருக்க வேண்டும். தொட்டி காலியாகி மறுபடி நிரம்பும்போது குழாயில் சிக்கும் காற்று அதன் வழியே போய்விடும். ஆனால் வென்ட் பைப் உயரத்தைக் கூட்டித் தராது.

செங்கை_ஹார்டுவேர்
சார், ஒரு சந்தேகம். மேடத்தின் குழாய்தான் காற்றை இழுக்கிறதே. வென்ட் வைத்தால் சாயங்காலம் அதன் வழியே காற்று உள்ளே போய் மேல் மாடிக்கு இன்னும் மோசமாகாதா? இரண்டு இடத்தில் வென்ட்டை அடைத்த பிறகு நன்றாக வருகிறது என்று சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பழைய_சைட்_இன்ஜினியர்
நியாயமான கேள்வி. குழாய் போதாமல் இருக்கும் கட்டடத்தில் இரண்டுவிதமாகவும் நடக்கும். வென்ட் வழியே காற்று புகுந்தால் கீழ்த் தளத்தின் உறிஞ்சல் அறுபடும், அதனால் மேல் கிளைக்கு லாபம் வரலாம். அதே காற்று அந்தக் கிளைக்குள்ளேயே புகுந்து தண்ணீர் விட்டுவிட்டு வரவும் செய்யலாம். கிளை எங்கே பிரிகிறது என்பதைப் பொறுத்தது. அடைத்துப் பார்த்து, திறந்து பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ட்யூபில் அளந்து முடிவு செய்ய வேண்டியதுதான். ஆனால் நிரந்தரமாக அடைத்து வைப்பது எனக்குச் சம்மதமில்லை. குழாய்க்குள் உறிஞ்சல் இருக்கும்போது யாராவது ஹெல்த் ஃபாசெட்டையோ ஹோஸையோ அழுக்குத் தண்ணீருள்ள பக்கெட்டில் மூழ்கப் போட்டிருந்தால் அந்தத் தண்ணீர் பொதுக் குழாய்க்குள் ஏறும். மேடம், உங்கள் தளத்தில் நான்கு வீட்டிலும் இதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள். மற்றதெல்லாம் கூட்டம் போட்டுச் செய்யலாம்.

கோவைத்தென்றல்
நடுவில் ஒன்று கேட்கலாமாங்க? எங்கள் வீட்டில் சுடுதண்ணி மட்டும் மெல்லியதாக வருகிறது, பச்சைத்தண்ணி நன்றாக வருகிறது. அதுவும் இந்த உராய்வுதானா?

பழைய_சைட்_இன்ஜினியர்
காலையிலும் மாலையிலும் ஒரே மாதிரி மெல்லியதாக வந்தால் இல்லை. கீசருக்குள் போகும் வாயில் இருக்கும் ஒருவழி வால்வையும் அதோடு வரும் வளைகுழாயையும் கழற்றிப் பாருங்கள், கரண்டை அணைத்துவிட்டு. உப்புத் தண்ணீர் ஊரில் பெரும்பாலும் அங்கேதான் அடைக்கும்.

மடிப்பாக்கம்_மாடிவீடு
நான்கு வீட்டிலும் சொல்லியாயிற்று சார். எதிர் வீட்டு அக்கா அன்றைக்கே ஹோஸை பக்கெட்டிலிருந்து எடுத்து மாட்டிவிட்டார்.

வரும் ஞாயிறு கூட்டத்தில் தொட்டியிலிருந்து முதல் பிரிவு வரை இரண்டு அங்குலம் போடுவது பற்றிப் பேசப்போகிறோம். எங்கள் முதல் தளத்தில் மூன்று வீட்டார் ஏரேட்டர் போடச் சம்மதித்துவிட்டார்கள். ஒருவர் மட்டும் முடியாது என்கிறார், செலவைக் கடைசித் தளம் ஏற்க வேண்டும் என்றும் சொல்கிறார். செயலாளர் மாமா பொதுக் குழாய் என்பதால் 16 வீடும் பகிர வேண்டும் என்கிறார். இது எப்படி முடியும் என்று தெரியவில்லை. குழாய் மாற்றினால் அதே நேரத்தில், அதே குழாயில், தொட்டி நிரம்பி இருக்கும்போது அளந்து எழுதுகிறேன்.

பழைய_சைட்_இன்ஜினியர்
தொட்டி மட்டத்தையும் சேர்த்து எழுதுங்கள், அது இல்லாமல் ஒப்பிட முடியாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அளக்க வேண்டாம். பாதிப் பேர் வெளியே போயிருப்பார்கள், எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி காட்டும். வார நாளில் ஏழு மணிக்குப் பாருங்கள்.